ஒரு மாதம் தாண்டிய பில்: வாட்ஸ்அப்பா, அக்கவுண்ட்ஸுக்கு மெயிலா, லெட்டர்ஹெட்டா?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேக்கேஜிங் டிசைன் செய்கிறவர். தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கோரமங்கலாவில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு ஆறு டப்பாக்களுக்கு லேபிள் செய்து கொடுத்து, ஜூன் 3ஆம் தேதி 60,000 ரூபாய்க்கு பில் அனுப்பியிருந்தார். முப்பது நாளில் பணம் தருவதாக மெயிலில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜூலை 3 போய் ஆகஸ்ட் 4ஆம் தேதியும் வந்துவிட்டது.

"அக்கா, மூணு விதமா எழுதி வெச்சிருக்கேன். எதை அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

முதலாவது, வேலை கொடுத்த பிராண்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இரண்டாவது, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயில். மூன்றாவது, லெட்டர்ஹெட்டில் சட்டப் பிரிவுகளைச் சொல்லி, நிறுவன இயக்குநருக்கே ஒரு கடிதம். மூன்றுமே மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தன. ஆனால் மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம், மூன்று வேறு காரியங்களைக் கேட்டன. இதே கேள்வியோடு வேறு சிலரும் என்னிடம் வந்திருப்பதால், அன்று அவரோடு உட்கார்ந்து பேசியதை விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

கடிதத்தின் தொனியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நான்கு.

முதல் கேள்வி, பணத்தை அனுப்பக்கூடிய ஆளின் கைக்கு இது போகிறதா என்பது. நமக்கு வேலை கொடுத்தவரும் வங்கியில் பணம் போடுகிறவரும் ஒரே ஆளாக இருப்பது சின்னக் கடைகளில்தான். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில்கூட அந்த இரண்டு பேரும் வேறு வேறு.

இரண்டாவது, படிக்கிறவர் நம்மிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் பணத்தைப் போட்டுவிட முடியுமா? "எந்த பில்?", "பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர், அதான் பிஓ நம்பர், என்ன?", "பேங்க் டீடெய்ல்ஸ் அனுப்புங்க" என்று ஒவ்வொரு கேள்வி வரும்போதும் இரண்டு மூன்று நாள் போகும்.

மூன்றாவது, இதற்கு வரும் பதில் ஒரு தேதியாக இருக்குமா? "பார்க்கிறேன்" என்பதைப் பதிலாக வாங்கிவிட்டால், அடுத்து எப்போது கேட்பது என்று தெரியாமல் நாம்தான் தவிப்போம்.

நான்காவது, நாளைக்கு விவகாரம் முற்றினால் இந்தக் கடிதம் காகிதமாகக் கையில் நிற்குமா? அதே நேரத்தில் விவகாரம் முற்றாவிட்டால் அடுத்த வேலைக்கு இடைஞ்சலாக நிற்காமலும் இருக்குமா? இவை இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

## அதற்கும் முன்னால்: பில் எங்கே நிற்கிறது?

எதை அனுப்புவது என்று முடிவு செய்ய, பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஓரளவாவது தெரிய வேண்டும். பணம் இல்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்றுதான் மனசு முதலில் நினைக்கும். நான் பார்த்தவரையில் நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமாக இருக்கும். மேனேஜருக்கு அனுப்பிய பில்லை அவர் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்ப மறந்திருப்பார். பில்லில் பிஓ நம்பர் இருக்காது. நம்மைப் புதிய வெண்டாராகப் பதிவு செய்யும் படிவத்தில் கேன்சல்டு செக் இணைக்கப்பட்டிருக்காது. அல்லது வேலை முடிந்தது என்று மேனேஜர் அவர்களுடைய சாஃப்ட்வேரில் ஒப்புதல் கொடுக்காமல் விட்டிருப்பார். இதில் எது நடந்திருந்தாலும் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவருக்கு நம் பில் பாக்கி என்பதே தெரியாது. அவருடைய திரையில் அது வந்திருக்காது.

வெளியில் இருந்தபடியே இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நிறுவனம் நம் பில்லைத் தன் கணக்கில் ஏற்றும்போதோ பணம் கொடுக்கும்போதோ, இரண்டில் எது முந்தியோ அப்போது டிடிஎஸ் என்ற வரியை நம் தொகையிலிருந்து பிடிக்க வேண்டும். அதாவது பணம் வராமலே வரி மட்டும் நம் பான் கணக்கில் வரவாகியிருக்கலாம். 26ஏஎஸ் என்று நாம் பழகியிருக்கும் வரி வரவு அறிக்கையில் இதைப் பார்க்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான டிடிஎஸ் கணக்கை நிறுவனங்கள் ஜூலை 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஜூன் மாத பில் ஏறியிருந்தால், ஆகஸ்ட் தொடக்கத்திலோ இன்னும் சில நாளிலோ அது தெரிய வேண்டும்.

அங்கே பில்லின் பத்து சதவீதமான 6,000 ரூபாய் தெரிந்தால் விஷயம் தெளிவு: பில் கணக்கில் ஏறிவிட்டது, கடன் என்று அவர்கள் புத்தகமே சொல்கிறது, பணம் அனுப்பும் வரிசையில்தான் நிற்கிறது. அப்போது "பில் கிடைத்ததா?" என்று கேட்பது வீண். "எந்தத் தேதி பேமென்ட்டில் வரும்?" என்றுதான் கேட்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், பில் ஏறவே இல்லை என்று சந்தேகப்படலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்கிற நிறுவனங்களும் உண்டு.

தம்பியின் கணக்கில் ஒன்றும் இல்லை. அது எங்களுக்கு முதல் துப்பு.

## வேலை கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பைத் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். வேலை கொடுத்தவரே முதலாளியாகவும் இருக்கும் இடத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. சிவாஜிநகரில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவருக்கு போர்டு டிசைன் செய்து கொடுத்து 12,000 வரவேண்டும் என்றால், அவருக்கு லெட்டர்ஹெட்டில் கடிதம் போனால் சங்கடப்படுவார். ஆறு மாதம் பேசாமல்கூட இருந்துவிடுவார். அவருக்கு நான் எழுதுவது இப்படி:

> அண்ணா, வணக்கம். கடை போர்டு டிசைனுக்கு 12,000 பாக்கி இருக்கு, ஜூலை 3க்கு வரவேண்டியது. பில்லும் க்யூஆர் கோடும் கீழே வெச்சிருக்கேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள போட முடியுமான்னு சொல்லுங்கண்ணா.

தொகை, தேதி, பில், பணம் போடும் வழி, ஒரு கேள்வி. நான்கு வரிக்குள் எல்லாம் இருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு "அண்ணா, அந்த விஷயம் என்னாச்சு?" என்று மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த விஷயம் என்று அவர் யோசிப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளர் கடைக்கு வந்திருப்பார்.

ஆனால் தம்பியின் கிளையன்ட் இந்த வகை இல்லை. பிராண்ட் மேனேஜரிடம் ஜூலையில் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். ஒரு முறை "ஷ்யூர், வில் செக்" என்று வந்தது, மறுமுறை கட்டைவிரல். அவர் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார், ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பார். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை மெயிலில் ஏற்றி அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவது அவருக்குக் கூடுதல் வேலை.

வெளியே தெரியாத செலவு ஒன்றும் இதில் இருக்கிறது. பணத்தை நாம் கேட்டுக்கொண்டே இருப்பது, நமக்கு அடுத்த வேலை கொடுக்கப் போகிற ஆளிடம். மூன்றாவது முறை கேட்கும்போது நம் பெயரைத் திரையில் பார்த்தாலே அவருக்குக் குற்ற உணர்ச்சி வரும். பிறகு நம்மைத் தவிர்க்க ஆரம்பிப்பார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாலோ, நாம் கேட்டதாக அந்த நிறுவனத்தில் எந்தப் பதிவும் இருக்காது. பெங்களூரில் இது அடிக்கடி நடக்கிறது.

## அக்கவுண்ட்ஸுக்கு மெயில், மேனேஜர் சிசியில்

ஒரு மாதம் தாண்டிய நிலையில், கிளையன்ட் ஒரு நிறுவனமாக இருந்தால், நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணம், அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு நம்மோடு எந்த உறவும் இல்லை, எந்தச் சங்கடமும் இல்லை. பில்லைப் பார்த்து, சரியாக இருந்தால் வரிசையில் சேர்ப்பது அவருடைய அன்றாட வேலை. அவரிடம் கேட்பது கடன் கேட்பதைப் போல இராது. வங்கி கவுண்டரில் படிவம் கொடுப்பது போலத்தான் இருக்கும்.

இதிலும் மறைவான செலவு உண்டு. மேனேஜருக்குச் சொல்லாமல் அவரை சிசியில் வைத்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பினால், தன் மேல் புகார் போய்விட்டதாக அவர் நினைக்கலாம். அதனால் மெயில் போவதற்கு முன் ஒரு போன் அவசியம். தம்பியை அப்போதே என் முன்னால் பேச வைத்தேன். "மேடம், பேமென்ட்டுக்காக உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்க்கிறேன். அக்கவுண்ட்ஸ்ல யாருக்கு மெயில் போடணும்னு சொன்னீங்கன்னா நானே நேரா அனுப்பிடுறேன். உங்களை சிசியில வெச்சுக்கிறேன்." ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் பேச்சு இதுதான். அந்தம்மாவுக்கு ஒரு வேலை குறைந்தது என்ற நிம்மதி குரலிலேயே தெரிந்தது. மெயில் முகவரியைக் கொடுத்ததோடு, "எங்க பேமென்ட் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும்தான் போகும்" என்றும் சொன்னார்.

இந்தத் தகவல் முக்கியம். நிறுவனங்கள் தினமும் பணம் அனுப்புவதில்லை. வாரம் ஒரு நாள், அல்லது மாதம் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்புகின்றன. அந்தப் பட்டியல் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முடிவாகிவிடும். 19ஆம் தேதி இரவு போய்ச் சேரும் அழகான கடிதம் 20ஆம் தேதி பணத்தைக் கொண்டுவராது. அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குத்தான் தள்ளிப்போகும். எந்த நாளில் அனுப்புகிறோம் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் வார்த்தையைவிடப் பெரிய விஷயம்.

## லெட்டர்ஹெட்டில், சட்டத்தைச் சொல்லி

தம்பிக்கு மனசுக்குப் பிடித்திருந்தது இந்த மூன்றாவதுதான். கோபம் இருக்கும்போது எல்லோருக்கும் இதுதான் பிடிக்கும். சட்டம் நம் பக்கம் இருப்பதும் உண்மை. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் குறு, சிறு தொழில் செய்கிறவருக்குப் பணம் தர வேண்டிய காலத்தை வரையறுக்கிறது. இதைப் பலரும் "45 நாள்" என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 15ஆவது பிரிவு சொல்வது வேறு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள் தர வேண்டும். அது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லை என்றால் 15 நாள்தான். பிஓவில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45 நாளுக்கு மேல் அது செல்லாது.

தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16.5 சதவீதம். 60,000க்கு ஒரு மாதத்துக்கு 825 ரூபாய் வருகிறது. தம்பியிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 825 ரூபாய்க்காக முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்ட வேண்டுமா என்று அவரே யோசிக்கத் தொடங்கினார்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சட்டப் பிரிவு உள்ள கடிதம் இயக்குநர் மேசைக்குப் போனால் அங்கிருந்து சட்ட ஆலோசகருக்குப் போகும். "நாங்கள் சொல்லும்வரை பதில் போடாதீர்கள்" என்று அவர் அக்கவுண்ட்ஸுக்குச் சொல்வார். இரண்டு நாளில் சரியாகியிருக்கக்கூடிய ஒரு கேன்சல்டு செக் விவகாரம் இரண்டு மாதம் நிற்கும்.

தம்பிக்கு இன்னொரு தடையும் இருந்தது. இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்பதென்றால் உதயம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருக்க வேண்டும். வேலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அது இருந்தால்தான் பாதுகாப்பு. பிறகு பதிவு செய்து பழைய பில்லுக்குக் கேட்டால் அந்தத் தேதியை வைத்தே எதிராளி வாதாடுவார். தம்பி பதிவு செய்திருக்கவில்லை. ஆதாரும் பானும் வைத்து இணையத்தில் செய்யலாம், கட்டணம் கிடையாது. அன்று இரவே செய்தார், அடுத்த வேலைகளுக்காக.

வருமான வரி விதியைச் சொல்லி மிரட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அக்கவுண்ட்ஸ்காரர்கள் 43பி எச் என்று சொல்லும் விதி அது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டித் தரும் பணத்தை, தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்கு இதனால் நஷ்டம் இல்லை. ஆகஸ்டில் இதைச் சொன்னால் எந்த அக்கவுண்டன்ட்டும் அசைய மாட்டார். பிப்ரவரி, மார்ச்சில் சொன்னால் உடனே பில்லைத் தேடி எடுப்பார்.

இந்த மூன்றாவது வழிக்கும் நேரம் உண்டு. கொடுத்த தேதி இரண்டு முறை தவறியிருக்க வேண்டும், அல்லது மெயிலுக்குப் பதிலே வராமல் நின்றிருக்க வேண்டும், அல்லது அந்த நிறுவனம் மற்றவர்களுக்கும் பணம் தராமல் தள்ளாடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்போது தயங்கவே கூடாது. உதயம் பதிவு இருந்தால் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதிக் குழுவிடம் போகலாம். கிளையன்ட் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நாம் இருக்கும் கர்நாடகத்தின் குழுவே விசாரிக்க அதிகாரம் உள்ளது. ஊர் விட்டு ஊர் அலைய வேண்டாம் என்பது நம்மைப் போன்ற தனி ஆட்களுக்கு உண்மையான பலம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வாட்ஸ்அப் | அக்கவுண்ட்ஸுக்கு மெயில் | லெட்டர்ஹெட் |
|---|---|---|---|
| பணம் போடுகிறவர் கைக்குப் போகுமா | முதலாளியே கிளையன்ட் என்றால் மட்டும் | போகும் | இயக்குநர், வக்கீல் வழியாகச் சுற்றிப் போகும் |
| பதில் எப்படி வரும் | "பார்க்கிறேன்" | தேதியாக, அல்லது குறையைச் சொல்லி | தாமதமாக, எச்சரிக்கையாக |
| பிறகு ஆதாரமாக நிற்குமா | ஓரளவு | நன்றாக | மிக நன்றாக |
| மறைவான செலவு | வேலை கொடுப்பவர் தவிர்க்கத் தொடங்குவார் | முன்னால் சொல்லாவிட்டால் மேனேஜருக்கு வருத்தம் | உறவு, மாதக்கணக்கான தாமதம் |
| எப்போது சரி | சின்னத் தொகை, தெரிந்த ஆள் | நிறுவனம், கெடு ஒரு மாதம் தாண்டியதும் | தேதி இரண்டு முறை தவறியபின் |

## நாங்கள் அனுப்பிய கடிதம்

தம்பி எழுதி வைத்திருந்த மெயிலின் முதல் வரி, "தொந்தரவுக்கு மன்னிக்கவும்". கடைசி வரி, "உங்கள் வசதிப்படி பார்த்துச் செய்யவும்". இரண்டையும் எடுத்தோம். தவறு செய்யாத இடத்தில் மன்னிப்புக் கேட்டால், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறோம் என்று படிக்கிறவர் நினைப்பார். "வசதிப்படி" என்றால் கெடு இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இவை இல்லாமலே மரியாதை வரும். குற்றம் சாட்டாமல் இருப்பதும், அவருடைய வேலையை லேசாக்கிக் கொடுப்பதும்தான் இந்தக் கடிதத்தில் மரியாதை.

அனுப்பியது ஆங்கிலத்தில். வரிசையும் பொருளும் இவை:

> பொருள்: ஜூன் 3 தேதியிட்ட பில் – ரூ. 60,000 – ஜூலை 3 அன்று வரவேண்டியது – பேமென்ட் தேதி வேண்டி
>
> வணக்கம்.
>
> உங்கள் நிறுவனத்துக்கு ஆறு லேபிள் டிசைன்கள் செய்து கொடுத்ததற்காக ஜூன் 3 அன்று 60,000 ரூபாய்க்கு பில் அனுப்பியிருந்தேன். முப்பது நாள் கெடுவின்படி ஜூலை 3 அன்று வரவேண்டிய தொகை இன்னும் என் கணக்குக்கு வரவில்லை. பில் உங்கள் பிரிவுக்கு நேரடியாக வராமல் இருந்திருக்கலாம் என்பதால் மீண்டும் இணைத்துள்ளேன்.
>
> பில்லோடு பிஓ நகல், வேலை ஏற்கப்பட்டதாக மேனேஜர் அனுப்பிய மெயில், என் வங்கி விவரம், பான் நகல் ஆகியவையும் உள்ளன. வேறு ஏதாவது குறைந்தால் சொல்லுங்கள், அன்றே அனுப்பிவிடுகிறேன்.
>
> இந்தத் தொகை ஆகஸ்ட் 20 பேமென்ட்டில் சேருமா என்று ஆகஸ்ட் 10க்குள் தெரிவிக்க முடியுமா? ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யுடிஆர் எண்ணைக் கொடுத்தால் என் வங்கியில் பார்த்துக்கொள்கிறேன்.
>
> நன்றி.

பொருள் வரியிலேயே தொகையும் தேதியும் இருக்கின்றன. "நினைவூட்டல்" என்று மட்டும் போட்டால், நாளைக்கு இன்பாக்ஸில் தேடினாலும் கிடைக்காது. "நேரடியாக வராமல் இருந்திருக்கலாம்" என்ற வரி யார் மேலும் பழி போடவில்லை, ஆனால் உண்மையில் நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறது. யுடிஆர் என்பது வங்கிப் பணப் பரிமாற்றத்துக்குக் கிடைக்கும் எண். அதைக் கேட்கும் வரி இருவருக்குமே உதவும். பணம் போயிருந்தால் அந்த எண்ணை வைத்துத் தேடலாம், போகவில்லை என்றால் அதை அவரே தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். "சேரும்" என்று அவர் பதில் எழுதினால், கடன் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். மிரட்டாமலே கையில் ஆதாரம் வந்துவிடுகிறது.

உதயம் பதிவு உள்ளவர்கள் இணைப்புகளில் அந்தச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள், ஆனால் அதைப் பற்றி ஒரு வரிகூட விளக்க வேண்டாம். அக்கவுண்ட்ஸ்காரருக்கு அதைப் பார்த்ததும் புரியும். எம்எஸ்எம்இ வெண்டார்களைத் தனியாகக் குறித்துவைத்து முதலில் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் "இந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை ஜூலையில் செலுத்திவிட்டேன்" என்று ஒரு வரி சேர்க்கலாம். 60,000க்கு 18 சதவீதம் 10,800. பணம் வராமலே கைக்காசிலிருந்து போயிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்வதில் தவறில்லை.

## தேதி கடந்தால்

அவர்கள் சொன்ன நாளில் வராவிட்டால் மூன்று வேலை நாள் விட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுத வேண்டும். புதிதாக மெயில் தொடங்கினால் பழைய வாக்கு கண்ணில் படாது. இரண்டே வரி போதும்: "ஆகஸ்ட் 20 பேமென்ட்டில் சேரும் என்று சொல்லியிருந்தீர்கள், வரவில்லை. செப்டம்பர் 5இல் வருமா?" இந்த முறை அக்கவுண்ட்ஸ் தலைவர் பெயர் தெரிந்தால் அவரையும் சேர்க்கலாம். அதுவும் தவறினால் லெட்டர்ஹெட்டை எடுத்து, ஸ்பீடு போஸ்ட்டிலும் மெயிலிலும் அனுப்ப வேண்டும். அப்போது வட்டிக் கணக்கையும் சட்டத்தையும் சொல்வதற்கு நமக்கு முழு நியாயம் இருக்கும், அதுவரை அனுப்பிய மெயில்கள் எல்லாம் இணைப்பாகவும் போகும்.

தம்பிக்கு அது தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 5 காலையில் மெயில் போனது, மறுநாள் பதில் வந்தது. பில் அவர்களுக்கு வந்திருக்கவே இல்லை, வெண்டார் படிவத்தில் கேன்சல்டு செக்கும் இல்லை. அன்று மதியமே செக்கை ஸ்கேன் செய்து அனுப்பினார். 20ஆம் தேதி மாலை டிடிஎஸ் போக 54,000 ரூபாய் வந்து சேர்ந்தது. பில் ஆகஸ்டில்தான் கணக்கில் ஏறியது என்பதால் மீதி 6,000 ஜூலை–செப்டம்பர் கணக்கில் வர வேண்டும். அதைத் தாக்கல் செய்ய அவர்களுக்கு அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது. நவம்பர் நடுவில் ஒருமுறை பான் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.